கேமராவுக்கு முன் ஒரு கேள்வி

ஈயம் பூசுகிறவர் ஒருவர் உங்கள் தெருமுனை மரத்தடியில் கடை போட்டிருக்கிறார். அவரைப் பற்றி ஐந்து நிமிடக் குறும்படம் எடுக்கலாம் என்று தோன்றுகிறது. போனை எடுத்துக்கொண்டு போகிறீர்கள். நெருப்பு, புகை, காய்ப்பு ஏறிய கை, பளபளக்கும் பாத்திரம் என்று இரண்டு மணி நேரம் எடுத்துத் தள்ளுகிறீர்கள். கிளம்பும்போது, "உங்க தொழிலைப் பத்தி கொஞ்சம் சொல்லுங்கண்ணே" என்று கேட்கிறீர்கள். "எங்க தாத்தா காலத்துலேர்ந்து பண்றோம் தம்பி. இப்பல்லாம் யாரு வர்றா?" என்கிறார் அவர். வீட்டுக்கு வந்து வெட்டி ஒட்ட உட்கார்ந்தால் எதை முதலில் வைப்பது, எதை விடுவது என்று புரியவில்லை. கடைசியில் பின்னணியில் புல்லாங்குழல் சேர்த்து, 'அழிந்துவரும் கைத்தொழில்' என்று தலைப்பு வைத்துப் படத்தை முடித்துவிடுகிறீர்கள்.

இந்தப் படத்திலிருந்து ஈயம் பூசுகிறவரை எடுத்துவிட்டு அம்மி கொத்துகிறவரை வைத்துப் பாருங்கள். தலைப்பு மாறாது, புல்லாங்குழல் மாறாது, பேச்சுகூட மாறாது. ஈயம் பூசும் வேலையில் மட்டும் இருக்கும் ஒன்று படத்துக்குள் வரவேயில்லை என்பதுதான் காரணம். 'ஈயம் பூசுதல்' என்பது படத்துக்கான பொருள். அந்தப் பொருளுக்குள் எதைத் தேடிப் போகிறோம் என்ற கேள்வி கையில் இல்லாமல் கேமராவைத் திறந்ததால் வந்த வினை இது.

கேள்வியை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் தடவை கேமரா இல்லாமல் போவதுதான் வழி. ஒரு பாத்திரம் உள்ளே வருவதிலிருந்து வெளியே போவது வரை உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு சின்ன நோட்டு போதும். எது எதற்குப் பிறகு நடக்கிறது, எதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது, எந்த இடத்தில் அவர் பேச்சை நிறுத்துகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். வேலை செய்கிறவர் பேச்சை நிறுத்துகிற இடத்தில்தான் கவனம் முழுவதும் கைக்குப் போகிறது.

அப்படிப் பார்த்தால் தெரிவது இதுதான். செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் புளியோ தயிரோ தங்கினால் களிம்பு ஏறும். அதைத் தடுக்கத்தான் உட்புறம் ஈயம் பூசுகிறார்கள். வந்த பாத்திரத்தின் அழுக்கையும் பழைய கறையையும் முதலில் போக்க வேண்டும். காஸ்டிக் சோடாவோ அமிலமோ போட்டுக் கழுவி, மணல் வைத்துத் தேய்க்கிறார்கள். அண்டா மாதிரிப் பெரிய பாத்திரம் என்றால் உள்ளே இறங்கி நின்று, மணலைக் காலால் அழுத்தி, இடுப்பைத் திருப்பித் திருப்பித் தேய்ப்பதும் உண்டு. பிறகு தரையில் தோண்டிய குழியில் கரி நெருப்பு. முன்பு தோல் துருத்தி காற்று ஊதியது. இன்று பல இடங்களில் கையால் சுற்றும் ஊதுவிசிறியோ, மின்சார ப்ளோயரோ அந்த வேலையைச் செய்கிறது. இடுக்கியால் பிடித்துப் பாத்திரத்தை நெருப்பின் மேல் சுழற்றிச் சுழற்றிச் சூடேற்றுகிறார். போதிய சூடு வந்ததும் நவச்சாரத்தூளைத் தூவுகிறார். குபீரென்று வெள்ளைப் புகை எழுகிறது. உடனே ஈயக் கம்பியை உள்ளே தேய்க்கிறார். அது உருகுகிறது. பஞ்சையோ பழந்துணியையோ வைத்து ஒரே வீச்சில் சுற்றிலும் இழுக்கிறார். கறுத்துக் கிடந்த உட்புறம் வெள்ளியாக மாறுகிறது. தண்ணீரில் முக்கியதும் 'சுர்'ரென்ற சத்தத்தோடு வேலை முடிகிறது.

சின்னப் பாத்திரமாக இருந்தால், கழுவித் தேய்த்த பிறகு எல்லாமே கால் மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். நவச்சாரம் விழுவதிலிருந்து ஈயம் பரவி முடிவது வரையிலான நேரம் ஒரு நிமிடம்கூட இருக்காது. அவர் பேச்சை நிறுத்துவது அந்த நேரத்தில்தான்.

இதைப் பார்த்த பிறகு நோட்டில் நாலைந்து கேள்விகள் சேர்ந்துவிடும். எவர்சில்வர் வந்த பிறகு இந்த வேலை என்ன ஆனது? இப்போது யார் பாத்திரம் கொண்டு வருகிறார்கள்? பூசுகிற ஈயத்தில் காரீயம் கலந்திருக்குமா? தெர்மாமீட்டர் இல்லாமல் சூடு போதும் என்று அவருக்கு எப்படித் தெரிகிறது? நான்குமே நல்ல கேள்விகள். ஐந்து நிமிடத்தில் நான்குக்கும் பதில் சொல்லப் போனால் ஒன்றுக்கும் பதில் வராது. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தேர்ந்தெடுக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. இந்தக் கேள்விக்கான பதில் சட்டகத்துக்குள் நடக்குமா, அல்லது யாராவது வாயால் சொன்னால்தான் தெரியுமா? எவர்சில்வர் வந்த கதையை வாயால்தான் சொல்ல முடியும். அதற்குக் கட்டுரை போதும். யார் வருகிறார்கள் என்பதைக் காட்டலாம். ஆனால் அதற்குப் பல நாள் அந்த இடத்தில் காத்திருக்க வேண்டும். காரீயக் கலப்பு முக்கியமான விஷயம். வெள்ளீயத்தில் காரீயம் கலந்திருந்தால் அது சாப்பாட்டில் இறங்கி உடலுக்கு நஞ்சாகும். அதை உறுதியாகச் சொல்வதற்கு ஆய்வுக்கூடச் சோதனை வேண்டும். ஒரு குறும்படம் தானாகவே தீர்ப்புச் சொல்ல முடியாது. நான்காவது கேள்வி வேறு ரகம். அதற்கான பதில் முழுக்கக் கண்முன்னே நடக்கிறது.

அந்தப் பதிலுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். பாத்திரம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் சூட்டில் இருக்க வேண்டும். குறைந்தால் ஈயம் உறைந்து திட்டுத் திட்டாக நிற்கும். மிஞ்சினால் பூச்சு மங்கும், மஞ்சளிக்கும். சூடு சரியாக இருந்தாலும் உலோகத்தின் மேல் துரு மாதிரிப் படிந்திருக்கும் மெல்லிய படலம் போகாவிட்டால், ஈயம் பரவாமல் முத்து முத்தாக உருண்டு ஓடும். நவச்சாரத்தின் வேலை இந்தப் படலத்தைப் போக்குவது. சூட்டில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது. இரண்டாவதில் இருக்கும் அமிலத்தன்மை படலத்தைத் தின்று உலோகத்தைப் பளிச்சென்று ஆக்குகிறது. ஆகவே வெள்ளைப் புகை வெறும் அழகுக் காட்சி அல்ல, அவர் படிக்கும் அளவுமானி அது. தூவிய தூள் சும்மா கிடந்தால் சூடு போதவில்லை. புகை எழுந்தால் கம்பியை வைத்துப் பார்க்கலாம். கம்பி தயங்காமல் வழுக்கினால் இழுக்கலாம். பதில் புகையிலும் கம்பியின் நுனியிலும் கையின் வேகத்திலும் இருக்கிறது. மூன்றையும் கேமரா பிடிக்கும்.

ஒற்றைக் கேள்வியால் ஒரு படம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, டச்சு இயக்குநர் பெர்ட் ஹான்ஸ்ட்ரா 1958-இல் எடுத்த 'கிளாஸ்' நல்ல சான்று. ஆஸ்கர் பெற்ற இந்தக் குறும்படத்துக்கு நீளம் பத்து நிமிடம் சொச்சம்தான். கண்ணாடியை வாயால் ஊதி உருவாக்குகிறவர்களையும், புட்டிகளைத் தயாரிக்கும் இயந்திரத்தையும் அது அடுத்தடுத்துக் காட்டுகிறது. விளக்கிச் சொல்லும் குரல் கிடையாது. கைக்கும் இயந்திரத்துக்கும் என்ன வேறுபாடு என்ற ஒன்றைத்தான் அது கேட்கிறது. தொழிற்சாலையின் வரலாறு, தொழிலாளியின் குடும்பம், சம்பளம் எதுவும் உள்ளே வரவில்லை. வராததால்தான் ஊதுகிற கன்னத்தை அவ்வளவு நெருங்கிப் பார்க்க நேரம் கிடைத்தது.

கேள்வி முடிவானதும் அதை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள்: 'சூடு சரியாக இருக்கிறது என்று இவருக்கு எப்படித் தெரிகிறது?' இனி எடுக்கப்போகும் ஒவ்வொரு காட்சியும் கேட்கப்போகும் ஒவ்வொரு கேள்வியும் இந்த வரிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது அவரிடம் கேட்க வேண்டியவை. படம் எடுக்கப்போகிறவருக்குக் கேள்விப்பட்டியல் எழுதிக் கொடுக்கும் வழக்கம் பழையது. 1930-களில் அமெரிக்க அரசின் வேளாண் பாதுகாப்பு நிர்வாகத்துக்காகக் கிராமப்புற வாழ்க்கையைப் படமெடுக்கப் புகைப்படக்காரர்களை அனுப்பியவர் ராய் ஸ்ட்ரைக்கர். எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவர் அவர்களுக்குக் குறிப்புகள் எழுதிக் கொடுப்பார். அப்படி 1936-இல் எழுதிய ஒரு பட்டியலுக்குச் சமூகவியலாளர் ராபர்ட் லிண்டுடன் நடந்த உரையாடல் அடிப்படையாக இருந்தது. மக்கள் எங்கே கூடுகிறார்கள் என்பது போன்ற சாதாரணக் கேள்விகள்தான் அதில் இருந்தன. அப்படிக் கேட்டால்தான் புகைப்படக்காரருக்கு எங்கே போய் நிற்பது என்று தெரியும். 'அமெரிக்க வாழ்வின் சாரம் என்ன' என்று கேட்டிருந்தால் அவர் எங்கே போய் நிற்பார்?

நம் கேள்விகளும் அப்படி இருக்க வேண்டும். "இந்தத் தொழில்ல என்ன கஷ்டம்ணே?" என்றால் பொதுவான பதில்தான் வரும். "முதல் தடவை நீங்களா பூசினப்போ என்ன ஆச்சு?" என்று கேட்டால் ஒரு சம்பவம் வரும். "இந்தப் பாத்திரம் சரியா வந்திருக்கா? எதை வச்சுச் சொல்றீங்க?" என்றால் அவர் பாத்திரத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டுவார். அது காட்சி. "சரியா வராம போன பாத்திரம் எப்படி இருக்கும்?" என்றால் அப்படி ஒன்றைத் தேடி எடுத்துக் காட்டக்கூடும். நல்ல பூச்சையும் கெட்ட பூச்சையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துவிட்டால், பார்வையாளருக்கு இனி விளக்கம் தேவையில்லை. "செம்புக்கும் பித்தளைக்கும் சூடு ஒண்ணுதானா? கனமான அண்டாவுக்கு என்ன பண்ணுவீங்க?" என்பவை அவருடைய அறிவை நேராகத் தொடும் கேள்விகள். ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்வியை விட்டு, அவர் கை எதையாவது எடுக்கும்படிக் கேளுங்கள்.

காரீயத்தைப் பற்றிக் கேட்கலாமா? கேட்கலாம். ஆனால் குற்றம் சாட்டும் குரலில் கேட்கக் கூடாது, கேமரா முன் முதல் கேள்வியாகவும் வேண்டாம். "நல்ல ஈயம்னு எப்படிண்ணே பார்த்து வாங்குறீங்க?" என்றால் அவருடைய சோதனை வெளியே வரும். சுத்தமான வெள்ளீயக் கம்பியைக் காதருகே வைத்து வளைத்தால் நறநறவென்று ஒரு மெல்லிய சத்தம் கேட்கும். உள்ளே இருக்கும் படிகங்களின் அமைப்பு சட்டென்று திசை மாறுவதால் வருவது அது. காரீயம் வளையும்போது இப்படிச் சத்தம் வராது. இது ஆய்வுக்கூடச் சோதனைக்கு ஈடாகாது, கொஞ்சம் கலப்பு இருந்தால் இதில் தெரியாமலும் போகலாம். அவர் அப்படி வளைத்துக் காட்டினால் அந்தச் சத்தத்தை மைக்கை நெருக்கமாக வைத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். பொருளைக் காதால் அறிவது, சூட்டைக் கண்ணால் அறிவது என்று நம் கேள்வியோடு அது தானாகவே சேர்ந்துகொள்ளும்.

குறும்படமா, புகைப்படத் தொடரா என்பதையும் இந்தக் கேள்வியே தீர்மானிக்கிறது. ஈயம் பரவுவது அசைவு. கம்பி வழுக்குவது அசைவு. தண்ணீரில் முக்கும்போது வருவது சத்தம். இதற்கு வீடியோதான் பொருத்தம். புகைப்படத்தில் செய்யத்தான் வேண்டும் என்றால் கேள்வியை மாற்றிக்கொள்வது நல்லது. 'இன்றைக்கும் யார், எந்தப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறார்கள்?' என்று எடுத்துக்கொண்டால், பிரியாணிக் கடையின் அண்டா, கோவில் மடைப்பள்ளித் தவலை, பாட்டி வீட்டு வெங்கலப் பானை என்று ஒவ்வொரு பாத்திரத்தையும் அதன் உரிமையாளரோடு நிறுத்தி, பத்துப் படத்தில் ஒரு தொடர் செய்துவிடலாம். ஒரே பாத்திரத்தைப் பூச்சுக்கு முன்னும் பின்னும் ஒரே கோணத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுத்து இரட்டைப் படமாக வைப்பதும் புகைப்படத்துக்கே உரியது. ஒரே கேள்வியை இரண்டு வடிவத்திலும் இழுக்கப் பார்த்தால் ஒன்று மற்றதன் மோசமான நகலாகிவிடும்.

நாம் வீடியோவை எடுத்துக்கொள்வோம். இங்கே ஒரு சிக்கல். முக்கியமான காட்சி ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. "இன்னொரு தடவை பண்ணுங்கண்ணே" என்றால் பூசிய பாத்திரத்தில் மறுபடியும் பூசுவது போல நடிக்கத்தான் முடியும். கறுத்த உட்புறம் வெள்ளியாகும் மாற்றம் அதில் இருக்காது. இதற்குத் தீர்வு பாத்திரங்களில் இருக்கிறது. ஒரே அளவில், ஒரே மாதிரியான நாலு பித்தளைப் பாத்திரங்களை நீங்களே கொண்டு போங்கள். வழக்கமான கூலியைக் கொடுத்துப் பூசச் சொல்லுங்கள். அவருக்கு அது நிஜமான வேலை, உங்களுக்கு நாலு வாய்ப்பு.

முதல் பாத்திரத்தை எட்ட நின்று முழுவதுமாக எடுங்கள். இடம், நெருப்பு, ஆள் மூன்றும் தெரிய வேண்டும். இரண்டாவதில் பாத்திரத்தின் உட்புறத்தை மட்டும் பாருங்கள். புகை, கம்பி, ஈயம் ஓடுவது இங்கே கிடைக்கும். மூன்றாவதில் அவர் முகமும் கண்ணும். அவர் எங்கே பார்க்கிறார் என்பதைக் காட்டினால், அவர் எதைப் படிக்கிறார் என்பது தெரியும். நாலாவதைச் சத்தத்துக்காக ஒதுக்குங்கள். மைக்கைத் தகுந்த இடத்தில் வைத்து, தூள் விழுவது, துணி இழுபடுவது, தண்ணீரில் முக்குவது எல்லாவற்றையும் பதிவு செய்யுங்கள். தொகுக்கும்போது நாலும் ஒரே பாத்திரமாகச் சேரும். அதற்குத்தான் ஒரே மாதிரியான பாத்திரங்கள் வேண்டும். அவரும் அன்று முழுவதும் ஒரே சட்டையில் இருக்க வேண்டும்.

வெளிச்சம் இரண்டு இடத்தில் காலை வாரும். புகை மீது நேராக வெயில் விழுந்தால் அது சுவரோடு கலந்து காணாமல் போகும். பக்கவாட்டிலோ பின்னாலிருந்தோ வெளிச்சம் வந்து, பின்னணி இருண்டிருந்தால்தான் புகை எழுந்து நிற்கும். ஆகவே முதல் தடவை போகும்போதே சூரியன் எந்தப் பக்கம், மர நிழல் எத்தனை மணி வரை என்று குறித்துக்கொள்ளுங்கள். கரியின் செந்தணலும் உச்சி வெயிலில் தெரியாது. இரண்டாவது, புதிதாகப் பூசிய ஈயம் கண்ணாடி போல வானத்தைக் காட்டும். அந்தப் பளபளப்பைக் கண்டதும் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைக்க, கை கரிக்கட்டையாகிவிடும். நாம் காட்ட விரும்பிய மாற்றத்தைக் கேமராவே சமன் செய்து அழித்துவிடும். போன் என்றால் திரையில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டிவிடுங்கள். முதல் பாத்திரத்தின் முடிந்த பூச்சைப் பார்த்து அந்த அளவை வைத்துக்கொண்டால், அடுத்த பாத்திரம் கறுப்பிலிருந்து வெள்ளியாவது உள்ளபடி பதிவாகும்.

சத்தத்துக்கு எதிரி ப்ளோயர். அது ஓடும்போது எடுத்த பேச்சு எதுவும் உதவாது. நெருப்பு தணிந்த பிறகோ, அவர் டீ குடிக்கும் நேரத்திலோ பேட்டியை வைத்துக்கொள்ளுங்கள். பூசி முடித்த பாத்திரம் அப்போது அவர் கையில் இருக்கட்டும். கையில் பாத்திரம் இருந்தால் பதிலில் பாத்திரம் வரும்.

இனி நேரக்கணக்கு. ஐந்து நிமிடம் என்பது 300 விநாடி. தேய்த்துக் கழுவுவதற்கு 50, நெருப்பு மூட்டுவதற்கு 40, சூடேற்றிக் காத்திருப்பதற்கு 70, நவச்சாரமும் ஈயமும் 60, தண்ணீரும் சரிபார்ப்பதும் 30, நல்ல பூச்சு கெட்ட பூச்சு ஒப்பீட்டுக்கு 50 என்று பிரித்துப் பாருங்கள். சூடேற்றுவதற்குத்தான் அதிக நேரம் விழுகிறது. நம் கேள்வி சூட்டைப் பற்றியது என்பதால் அது சரி. எவர்சில்வர் கதைக்கு இதில் இடமே இல்லை என்பதும் இப்போதே தெரிந்துவிடுகிறது. எடுத்து முடித்து, வெட்டும்போது இதைக் கண்டுபிடிப்பதைவிட இப்போது தெரிந்துகொள்வது மலிவு.

கேமராவோடு போவதற்கு முன் அவரிடம் பேசித் தீர்க்க வேண்டியவை சில உண்டு. படம் எங்கே காட்டப்படும், முகம் தெரியலாமா, எதைக் காட்ட வேண்டாம் என்று நினைக்கிறார் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். அன்று வேறு வாடிக்கையாளர் வந்தால் அவர் வேலைதான் முதலில், நீங்கள் காத்திருப்பீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். நவச்சாரப் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், அமிலம் தெறிக்கும். காற்று வரும் பக்கமாக நில்லுங்கள், லென்ஸைப் பாத்திரத்துக்குள் நீட்டாதீர்கள். நெருக்கமான காட்சிக்கு நெருங்கிப் போவதைவிட, தள்ளி நின்று டெலிலென்ஸால் இழுத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, திட்டம் தோற்றுப் போகக்கூடிய ஓர் இடம். முதல் சந்திப்பிலேயே, "புகையைப் பாத்தா தெரிஞ்சுடும் தம்பி" என்று அவர் ஒரே வரியில் முடித்துவிடலாம். அப்படியானால் உங்கள் கேள்வி இன்னும் ஒரு படி கீழே இறங்க வேண்டும். எல்லாப் புகையும் ஒன்றா? புகை சரியாக இருந்தும் ஈயம் பிடிக்காமல் போனது உண்டா? மகனுக்கோ உதவியாளுக்கோ இதைச் சொல்லிக்கொடுத்தால் அவர் எந்தப் புகையில் தவறு செய்வார்? கடைசிக் கேள்வி கிடைத்துவிட்டால் படத்துக்கு இரண்டாவது ஆள் கிடைக்கிறார். சரியாகப் பார்க்கத் தெரிந்த கண்ணையும் இன்னும் பார்க்கக் கற்றுக்கொள்கிற கண்ணையும் அடுத்தடுத்து வைக்கலாம். நேரக்கணக்கில் ஒப்பீட்டுக்கு ஒதுக்கிய 50 விநாடியை அவர்களுக்குக் கொடுங்கள். மற்ற எண்களை அப்படியே வைத்துக்கொண்டு, நாலு பாத்திரத்தோடு கூட இன்னொன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்தாவதை உதவியாள் பூசட்டும்.